ஷெங்கன் 90/180: வந்த நாள், கிளம்பிய நாள், கெடு நாள் - கணக்கு எங்கே பிசகுகிறது? (அனுபவப் பகிர்வு)

பரிதி
ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு மல்டிபிள் என்ட்ரி விசாவில் போய் வருபவர்கள், 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற விதிக்கு நாள் கணக்கை எப்படிப் போடுகிறீர்கள் என்று பகிருங்கள். விவாதத்துக்கு ஒரு கேஸ் வைக்கிறேன்.

முதல் பயணம் 2025 பிப்ரவரி 5 முதல் மார்ச் 26 வரை. இரண்டாவது மே 20 முதல் ஜூன் 8 வரை. மூன்றாவது முறை ஜூலை 20 அன்று நுழைகிறார். விசா ஆண்டு இறுதி வரை செல்லும், ஸ்டிக்கரில் 90 நாள் என்று இருக்கிறது. இவர் கடைசியாக எந்தத் தேதியில் வெளியேற வேண்டும்?

இளமாறன்
சுலபம்தான். போன நாளும் திரும்பிய நாளும் கணக்கில் வராது, முழு நாள் மட்டும்தான் எண்ணுவார்கள். பிரிட்டன் குடியுரிமை விண்ணப்பத்தில் அப்படித்தான் எண்ணச் சொல்கிறார்கள்.

நாட்காட்டி
இளமாறன் தம்பி, நீங்கள் சொன்னது பிரிட்டனுக்குச் சரி. அங்கே எண்ணுவது நாட்டை விட்டு வெளியே இருந்த நாட்களை. அதனால் கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் உள்ளே இருந்ததாகக் கொள்ளப்படும். ஷெங்கனில் எண்ணுவது உள்ளே இருந்த நாட்களை. ஷெங்கன் எல்லைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, நுழையும் தேதி தங்கலின் முதல் நாள், வெளியேறும் தேதி கடைசி நாள் என்று எழுதியே வைத்திருக்கிறது. இரவு 11:50க்கு முத்திரை விழுந்தாலும் அது ஒரு முழு நாள்தான்.

ஆகவே பரிதியின் கேஸில் முதல் பயணம் பிப்ரவரியில் 24, மார்ச்சில் 26, ஆக 50 நாள். இரண்டாவது மே மாதத்தில் 12, ஜூனில் 8, ஆக 20 நாள். எக்செல்லில் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் 49, 19 என்றுதான் வரும். அது இரவுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்று கூட்ட வேண்டும். இதை மறந்தால் பயணத்துக்கு ஒரு நாள் வீதம் தப்பு சேர்ந்துகொண்டே போகும். இந்தக் கேஸிலேயே மறந்தவர் செப்டம்பர் 29 வரை இருக்கலாம் என்று நினைப்பார், அதற்குள் இரண்டு நாள் மீறியிருப்பார்.

பரிதி
அப்படியானால் 50ம் 20ம் 70. மிச்சம் 20 நாள், ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 8 வரை. சரிதானே அண்ணா?

சுடர்
இல்லை. பிப்ரவரி 5லிருந்து 180 நாள் ஆகஸ்ட் 3 அன்று முடிந்துவிடுகிறது. ஆகஸ்ட் 4 முதல் புது 90 ஆரம்பம். நவம்பர் 1 வரை தாராளமாக இருக்கலாம்.

நாட்காட்டி
இரண்டும் சரியில்லை. பரிதி சொன்னபடி கிளம்பினால் ஆபத்து ஒன்றும் இல்லை, இருந்திருக்கக்கூடிய ஐம்பது நாள் வீணாகும், அவ்வளவுதான். சுடர் சொன்னபடி இருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் விதிமீறல்.

180 நாள் என்பது முதல் நுழைவில் தொடங்கி முடிகிற கட்டம் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் பார்க்க வேண்டும். அந்த ஜன்னலுக்குள் நீங்கள் இருந்த நாட்கள் 90ஐத் தாண்டக்கூடாது. ஜன்னல் தினமும் ஒரு நாள் முன்னே நகரும், பின்னால் ஒரு நாள் உதிரும். 2013 அக்டோபர் 18 முதல் இப்படித்தான். அதற்கு முன் ஆறு மாதத்தில் மூன்று மாதம் என்று இருந்தது. 'மூணு மாசம்' என்ற பழைய பேச்சு இன்னும் போகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜூலை 20 அன்று எண்ணிக்கை 71. ஆகஸ்ட் 3 அன்று 85. ஆகஸ்ட் 4 அன்று புது நாள் ஒன்று ஏறுகிறது, ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரி 5 விழுகிறது. ஆகவே அப்போதும் 85. மறுநாள் பிப்ரவரி 6 விழும், அதுவும் 85. முதல் பயணத்தின் 50 நாளும் ஒவ்வொன்றாக உதிர்கிற வரை, அதாவது செப்டம்பர் 22 வரை எண்ணிக்கை 85லேயே நிற்கும். அதன் பிறகு உதிர எதுவும் இல்லை, ஏனென்றால் மார்ச் 27க்கும் மே 19க்கும் நடுவே அவர் உள்ளே இல்லை. 23ஆம் தேதி 86, 24இல் 87 என்று ஏறி, செப்டம்பர் 27 அன்று 90. அதுதான் கடைசி நாள். சரிபார்க்க: செப்டம்பர் 27க்கான ஜன்னல் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. அதற்குள் இரண்டாம் பயணம் 20, மூன்றாம் பயணம் 70. மொத்தம் 90.

ஷீட்டில் போடுவதானால் A பத்தியில் நுழைந்த தேதி, B பத்தியில் வெளியேறிய தேதி, E1இல் சோதிக்கும் தேதி:

```
=MAX(0, MIN(B2,$E$1)-MAX(A2,$E$1-179)+1)
```

ஒவ்வொரு பயணத்துக்கும் இதை இழுத்துவிட்டுக் கூட்டுங்கள். 179 என்பதைக் கவனியுங்கள். 180 என்று போட்டால் ஜன்னல் 181 நாளாகிவிடும். இன்னொரு வசதியும் உண்டு. தொடர்ந்து உள்ளே இருக்கும்போது தினமும் ஒன்று ஏறும், அதிகபட்சம் ஒன்றுதான் உதிரும், எனவே எண்ணிக்கை குறையவே குறையாது. அதனால் ஒரு பயணத்துக்கு வெளியேறும் நாளை மட்டும் சோதித்தால் போதும்.

வேணி
எனக்கு இந்த 180 கணக்கு எதுவும் தேவையில்லை என்று நினைக்கிறேன். என் விசா சிங்கிள் என்ட்ரி. செல்லுபடிக் காலம் 45 நாள், தங்கும் காலம் 30 நாள் என்று இருக்கிறது. செப்டம்பர் 3 நுழைந்தால் 45 நாளும் இருக்கலாம்தானே? ஸ்டிக்கரில் பிந்திய தேதிதானே போட்டிருக்கிறது?

நாட்காட்டி
இல்லை வேணி அக்கா. ஸ்டிக்கரில் இரண்டு தனி எல்லைகள் இருக்கின்றன. எந்தத் தேதிக்குள் வந்து போக வேண்டும் என்பது ஒன்று, மொத்தம் எத்தனை நாள் என்பது இன்னொன்று. எது முதலில் முடிகிறதோ அதுதான் உங்களுக்கு எல்லை. அந்தக் கூடுதல் 15 நாள் பயணத் தேதி முன்பின் நகர்ந்தால் சமாளிக்கத் தரப்படுவது, தங்குவதற்கு அல்ல. செப்டம்பர் 3 நுழைந்தால் செப்டம்பரில் 28 நாள் ஆகிவிடும், அக்டோபர் 2 உங்கள் 30ஆம் நாள். அக்டோபர் 3 என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

சுடர்
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நள்ளிரவு விமானத்தை எப்படி எண்ணுவது? பரிதியின் ஆள் செப்டம்பர் 28 அதிகாலை 00:40 விமானத்தில் ஏறுகிறார் என்று வையுங்கள்.

நாட்காட்டி
விமானம் கிளம்பும் நேரம் முக்கியமில்லை, எல்லைச் சோதனையைக் கடந்த தேதிதான் கணக்கு. 27ஆம் தேதி இரவு பத்து மணிக்குக் குடிவரவைத் தாண்டிவிட்டால் 27. வரிசையில் நின்று 12ஐத் தாண்டினால் 28, அதாவது 91ஆம் நாள். இணைப்பு விமானம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். லிஸ்பனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் வெளியேறும் சோதனை ஃபிராங்க்ஃபர்ட்டில்தான் நடக்கும். 27ஆம் தேதி மாலை லிஸ்பனில் விமானம் ஏறியதை யாரும் வெளியேற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த இ.இ.எஸ். என்ற எல்லைப் பதிவு முறையில் முத்திரைக்குப் பதில் தேதியும் நேரமும் கணினியில் பதிவாகிறது. மங்கலான முத்திரையை அதிகாரி கவனிக்காமல் விட்டுவிடுவார் என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை. கடைசி நாளில் டிக்கெட் போடாமல் இரண்டு மூன்று நாள் விட்டுப் போடுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

இளமாறன்
2025 செப்டம்பர் 27 சனிக்கிழமை அண்ணா. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போகும் என்று ஜெர்மன் சட்டத்தில் இருக்கிறதே?

மாலினி
இதில்தான் நிறையப் பேர் இரண்டு கணக்கைக் குழப்புகிறார்கள். நீங்கள் சொல்வது கெடுவுக்கு, தங்கலுக்கு அல்ல. தங்கும் நாள் சனி, ஞாயிறு எதையும் பார்க்காது.

கெடுவில் எல்லாம் தலைகீழ். ஜெர்மனி விசாவை மறுத்தால் நீதிமன்றத்தில் வழக்குப் போட ஒரு மாதம். 2025 ஜூலை 1 முதல் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழி எடுக்கப்பட்டுவிட்டது, அதனால் இந்த ஒரு மாதம் இப்போது இன்னும் முக்கியம். கடிதம் 2025 ஆகஸ்ட் 14, வியாழன் அன்று கையில் வந்தது என்று வையுங்கள். வந்த நாளை எண்ணக்கூடாது. ஒரு மாதம் என்றால் 30 நாள் அல்ல, அடுத்த மாதத்தின் அதே தேதி: செப்டம்பர் 14. அது ஞாயிறு. ஆகவே 15, திங்கள் நள்ளிரவு வரை அவகாசம். ஜனவரி 31 வந்த கடிதத்துக்குப் பிப்ரவரியில் 31 இல்லை என்பதால் மாதத்தின் கடைசி நாளில் முடியும். இன்னொன்று, மனு அந்த நேரத்துக்குள் நீதிமன்றத்தைச் சென்று சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் போட்ட தேதி செல்லாது.

வேணி
கெடு என்று பேசுவதால் கேட்கிறேன். என் தம்பி ஜெர்மனியில் வேலையை விடுகிறான், நான்கு வாரம் நோட்டீஸ். செப்டம்பர் 30உடன் விலக எப்போது கொடுக்க வேண்டும்?

மாலினி
இது விசா கெடு அல்ல, வேறு விஷயம். ஆனாலும் கடிதம் சேர்ந்த நாளை எண்ணாத விதி இதற்கும் உண்டு. நான்கு வாரம் என்பது 28 நாள், ஒரு மாதம் அல்ல. மாதக் கடைசியிலோ 15ஆம் தேதியிலோ முடிய வேண்டும். செப்டம்பர் 2 அன்று கடிதம் நிறுவனத்தின் கையில் இருந்தால் 3 முதல் எண்ணி 30இல் முடியும். செப்டம்பர் 2 ஞாயிறாக விழும் ஆண்டில் 3ஆம் தேதி கொடுத்தால் செல்லும் என்று எண்ணாதீர்கள், நோட்டீஸ் காலத்துக்கு அந்தத் தள்ளல் கிடையாது. தகுதிகாண் காலத்தில் இருந்தாலோ ஒப்பந்தத்தில் வேறு காலம் எழுதியிருந்தாலோ கணக்கு மாறும். முதலில் ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுடர்
மறுப்புக் கடிதத்துக்குத் திரும்பி வருகிறேன். விசா மையம் பாஸ்போர்ட்டோடு கவரில் தருகிறது. கடிதத்தில் ஒரு தேதி, கவரை வாங்கியது ஆறு நாள் கழித்து. மாலினி அக்கா, எதிலிருந்து எண்ணுவது? கடிதத் தேதிதான் என்கிறார்கள் சிலர்.

மாலினி
கையில் கிடைத்த நாள்தான் என்பது என் வாசிப்பு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியிருக்கலாம். கவர், கையெழுத்திட்ட ரசீது, ட்ராக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டி
நான் கடிதத் தேதியிலிருந்தே எண்ணுவேன். அந்த ஆறு நாளுக்காக நீதிமன்றத்தில் வாதாட வேண்டியதில்லை.

பரிதி
என் ஷீட்டில் இருந்த 180ஐ 179 ஆக்கிவிட்டேன். செப்டம்பர் 27க்கு 90 வருகிறது, 28க்கு 91. இந்தக் கேஸில் டிக்கெட்டை 24க்குப் போடுவதுதான் பாதுகாப்பு.