புதுப்பிப்பு: தஞ்சாவூர் ஓவியத்தைச் சுவரோடு படம் எடுத்தது

"சுவரில் மாட்டிய தஞ்சாவூர் ஓவியத்தை போனில் எடுத்தா சட்டம் மேலே குறுகுது, தங்கத்தாள் வெள்ளையா எரியுது. என்ன செய்ய?" (என் பழைய கேள்வி)

எடிட்டில் நிமிர்த்தச் சொன்னவர் பாதி சரி. சட்டம் நேரானது, கிருஷ்ணர் முகம் நீண்டுவிட்டது!

ஸ்டூடியோ அண்ணன் சொன்னபடி போனை ஓவியத்தின் நடு உயரத்துக்கு ஏற்றி, தள்ளி நின்று ஜூம் செய்தேன். இப்போது மேல்பக்கம் அகலம். கம்பியில் தொங்குவதால் சட்டத்தின் தலை முன்னால் சாய்ந்திருக்கிறது. கீழ் மூலைகளுக்குப் பின்னால் ரப்பர் துண்டு சொருகியதும் சரியானது.

டியூப்லைட்டை அணைத்து, இடப்பக்க ஜன்னலில் வெள்ளை வேட்டி கட்டினேன். புடைத்த மணிமாலைக்கு வலப்பக்கம் மெல்லிய நிழல் விழுகிறது, தங்கத்தாளும் வெள்ளையாக எரியவில்லை.

வலது ஓரம் இன்னும் இருட்டு. எதிரே தெர்மாகோல் வைத்தால் புடைப்பு மங்குகிறது. வேறு வழி உண்டா?