ஸ்டால் கரண்ட்: தமிழில் என்ன போடலாம்?

செல்வி:
வணக்கம். டிவியை அலமாரிக்குள்ளிருந்து மேலே தூக்கும் லிஃப்டின் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தரவேண்டும். மோட்டாரால் தண்டை நேராக நீட்டி மடக்கும் லீனியர் ஆக்சுவேட்டருக்கு 'நேரியக்கி' என்று வைத்துவிட்டேன். ஓடமுடியாமல் மாட்டி நிற்கும் மோட்டார் இழுக்கும் கரண்ட், அதாவது ஸ்டால் கரண்ட்தான் இடிக்கிறது. 'தடை மின்னோட்டம்' என்றால் மின்தடையோடு குழம்புமே?

ஞானசேகரன்:
'முடக்க மின்னோட்டம்' போடுங்கள் அம்மா. முடங்கினால் அசைவில்லை. முடக்கத்தான் கீரையே முடக்கு அறுத்தான்தானே. சுருட்டிய ஓலைக்கு முடங்கல் என்று பேர், அதிலிருந்து கடிதத்துக்கும் ஆகிவந்தது...

ரவி:
ஐயா, கீரை இருக்கட்டும். முடக்கம் என்றால் கரண்ட் நின்றுபோனதாகத்தான் படிப்பார்கள். நடப்பது தலைகீழ். ஓடும் மோட்டார் தானே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கி கரண்ட்டைக் குறைத்து வைக்கும். தண்டு எதிலாவது முட்டி நின்றால் அது போய்விடும், சுருளின் தடை மட்டுமே மிச்சம். 12 வோல்ட், 1.2 ஓம் என்றால் 10 ஆம்பியர். டிவியைத் தூக்கும்போது 3 ஆம்பியர் இழுக்கிறது என்றால், 5 தாண்டியதும் கன்ட்ரோலர் நிறுத்தவேண்டும். எனவே 'முட்டு மின்னோட்டம்'.

பாலு:
அதுக்குத்தான் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கே?

ரவி:
10 ஆம்பியர் ஃபியூஸ் 10 ஆம்பியரில் சட்டென்று போகாது. ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றும், விரலைக் காப்பாற்றாது. இன்னொன்று, பட்டனை அழுத்தும் கணத்தில் மோட்டார் நின்றுகொண்டுதான் இருக்கிறது, அப்போதும் அதே 10 ஆம்பியர் பாயும். முதல் 0.2 விநாடி போலக் கணக்கில் எடுக்காமல் விடாவிட்டால், டிவி ஒரு துடிப்புத் துடித்து அங்கேயே நிற்கும். இறங்கும்போது எடையே உதவுவதால் 1.5 ஆம்பியர்தான். அங்கேயும் 5 என்று வைத்தால், கை மாட்டினால் நன்றாக நசுக்கிய பிறகே நிற்கும். இறக்கத்துக்குத் தனியாக 2.5 வையுங்கள்.

மீனா:
அப்பாவின் மோட்டார் கட்டிலில் தலைப்பக்கத்தை நாலைந்து தடவை ஏற்றி இறக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஓடுகிறது. இதுவும் முட்டா?

ரவி:
சூடாக இருக்கும் மேடம். இந்த வகை மோட்டார் பலவற்றில் 2 நிமிடம் ஓடினால் 18 நிமிடம் ஓய்வு தரவேண்டும். அதாவது 20 நிமிடத்தில் 2 நிமிட ஓட்டம், லேபிளில் 10% என்று இருக்கிறதா பாருங்கள்.

ஞானசேகரன்:
தண்டு கடைசிவரை நீண்டாலும் முட்டுகிறது என்றுதானே சொல்வோம்? அங்கே இந்தக் கரண்ட் வருமா?

ரவி:
வராது. அதற்கு முன்பே உள்ளிருக்கும் லிமிட் சுவிட்ச் வெட்டிவிடும். சரி, அந்தக் குழப்பம் இருக்கத்தான் செய்கிறது.

பாலு:
'திணறல் மின்னோட்டம்'?

ரவி:
திணறுவது நிற்பதற்கு முன்னால்.

செல்வி:
நாள் இல்லை. 'முட்டு மின்னோட்டம்' என்றே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே 'ஸ்டால் கரண்ட்' என்றும் எழுதிவிடுகிறேன். லிமிட் சுவிட்சுக்கு 'எல்லை சுவிட்ச்'.

மீனா:
10% என்றுதான் போட்டிருக்கிறது. நன்றி. என் ஓட்டும் முட்டுக்கே.

ஞானசேகரன்:
எனக்கு உடன்பாடில்லை. 'சுவிட்ச்' வேறு அப்படியே நிற்கிறது, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.