சப்பாத்து அளவின்ர இடை 6.2 வருது, வகுப்பில ஒருத்தரும் 6 போடுறதில்லை. எங்க பிழை?

சோக்குக்கட்டி

யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில தரம் 6க்குக் கணிதம் எடுக்கிறன். கூட்டிப் பிரிக்கிற இடை, வரிசையில நட்டநடுவில நிக்கிற இடையம், கூடத் தரம் வாற ஆகாரம் மூண்டையும் பிள்ளையளின்ர சப்பாத்து அளவை வச்சே படிப்பிப்பம் எண்டு நினைச்சன். 19 பேரும் சப்பாத்தைக் கழட்டி, அடியில இருக்கிற இலக்கத்தைப் பாத்துச் சொன்னவை. வகுப்பு என்ன மணம் மணத்தது எண்டு கேக்காதேங்கோ. கரும்பலகையில வந்தது இது:

1 – 3 பேர்
2 – 4 பேர்
3 – 2 பேர்
4 – 5 பேர்
5 – 1
13 – 3 பேர்
37 – 1

கூட்டுத்தொகை 118. 19ஆல பிரிச்சா 6.2. இடையம் 4, ஆகாரம் 4. கடைசி வாங்கில இருக்கிற பெடியன் எழும்பி, "டீச்சர், இந்த 6.2 ஆற்ற கால்?" எண்டு கேட்டான். எல்லாரும் சிரிச்சுப்போட்டினம். "இடை இதுக்குச் சரிவராது, மற்ற ரெண்டும் சரி" எண்டு சொல்லிச் சமாளிச்சிட்டன். ஆனா மனசு கேக்கேல்லை.

இன்னொண்டும் இருக்கு. கனடாவில இருக்கிற பழைய மாணவர் ஒராள் விளையாட்டுப் போட்டிக்கு வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து வாங்கித் தாறன், "சராசரியா என்ன அளவு?" எண்டு அதிபரிட்டக் கேட்டிருக்கிறார். அதிபர் என்னைப் பாக்கிறார்.

வடமராட்சியான்

டீச்சர், இது சின்ன விசயம். 13உம் 37உம் மற்றதுகளை விட்டு விலகி நிக்கிற எண்கள். அப்பிடியானது இடையை இழுத்துக்கொண்டு போகும். அந்த நாலையும் விட்டிட்டு மிச்ச 15 பேருக்குப் பாருங்கோ. 42ஐ 15ஆல பிரிச்சா 2.8. பாக்கவே சரியாத் தெரியுதெல்லோ?

பழைய கணக்கு வாத்தியார்

பாக்கச் சரியாத் தெரியுறதுதான் அதில இருக்கிற ஆபத்து. டீச்சர், ஒண்டு கேக்கிறன். 13 எண்டு சொன்ன மூண்டு பிள்ளையளும் வகுப்பில எங்க இருக்கினம்? முன் வாங்கிலயா, பின் வாங்கிலயா?

சோக்குக்கட்டி

மூண்டும் முன் வாங்கு சேர். வகுப்பிலயே சின்னன் அதுகள்தான். அட!

பழைய கணக்கு வாத்தியார்

ஓம், அதுதான். எங்கட கடையளில கிடக்கிற பிரித்தானிய அளவு சின்னப்பிள்ளையளுக்கு 13 வரைக்கும் போய், பிறகு திரும்ப 1இல துவங்கும். அப்ப 13 எண்டுறது 1க்கு ஒரு படி கீழ. இரவு 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுநேரம் என்னெண்டு கேட்டா, 11ஐயும் 1ஐயும் கூட்டி ரெண்டால பிரிச்சு 6 மணி எண்டு சொல்லுவமா? உங்கட 6.2உம் அந்த வகைதான். 37 ஐரோப்பிய அளவு, எங்கட 4க்குச் சரி.

தம்பி வடமராட்சியான் விலகி நிக்கிற எண் எண்டு சொன்னது பாதி சரி, இடை அப்பிடித்தான் இழுபடும். ஆனா அவர் வெட்டி எறிஞ்சதில மூண்டு, வகுப்பில ஆகச் சின்னக் கால்கள். பெரிசெண்டு நினைச்சுச் சின்னனை எறிஞ்சதாலதான் 2.8 வந்தது.

சரியாச் செய்யிறதெண்டா 13ஐ 13ஆவே வைச்சு, 1ஐ 14 எண்டும், 2ஐ 15 எண்டும் தொடர்ந்து எண்ணிக்கொண்டு போங்கோ. 5க்கு 18 வரும். 37ஐ 4 எண்டு எடுத்தா அது 17. இப்ப கூட்டுத்தொகை 293, 19ஆல பிரிக்க 15.42. திரும்ப 13ஐக் கழிச்சா 2.42. அதுதான் உங்கட வகுப்பின்ர இடை.

இடையமும் பிழைச்சிருக்கு, அதைக் கவனிச்சனீங்களோ? 13 மூண்டையும் வரிசையின்ர கடைசியில வைச்சபடியா 10ஆவது ஆள் 4இல நிண்டார். முன்னுக்குக் கொண்டு வந்தா 10ஆவது ஆள் 2. நீங்கள் "சரி" எண்டு சொன்ன ரெண்டில தப்பினது ஆகாரம் மட்டும்தான். அதுக்கு வரிசையும் தேவையில்லை, கூட்டலும் தேவையில்லை.

உயர்தரம் ரெண்டாம் வருசம்

சேர், சப்பாத்து அளவு பஸ் இலக்கம் மாதிரி வெறும் பேர்தானே? பேருக்கு இடை எடுக்கவே கூடாது எண்டு படிச்சனாங்கள். ஆகாரம் மட்டும்தான் எடுக்கலாம்.

பழைய கணக்கு வாத்தியார்

பஸ் இலக்கத்துக்கு அது சரி. சப்பாத்தில ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையில எப்பவும் அங்குலத்தில மூண்டிலொரு பங்கு, கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீற்றர். 13க்கும் 1க்கும் இடையிலயும் அதேதான். படி சமனா இருந்தா இடை எடுக்கலாம். 2.42 அளவில சப்பாத்து கடையில இராது, அது வேற கதை. போன வருச வகுப்போட ஒப்பிட்டு எவ்வளவு வளந்திருக்கினம் எண்டு பாக்க அந்த 2.42 உதவும்.

ரெண்டு பெடியளின்ர அம்மா

என்ர மூத்தவனுக்கும் இதே பிரச்சினை. கால் 3, ஆனா வளந்திடும் எண்டு 5 வாங்கிக் குடுத்தனான், முன்னுக்கு உதயன் பேப்பர் அடைஞ்சுதான் போடுறவன். கொஞ்சம் பெரிசா வாங்கிறது பிழையோ? குதி தேயுதெண்டு சொல்லுறான்.

வடமராட்சியான்

அக்கா, இது கணக்கு இழை. ரெண்டு அளவு கூடினா குதி தேயும்தான்.

பழைய கணக்கு வாத்தியார்

பொறு தம்பி, தங்கச்சி தெரியாமலே முக்கியமானதைச் சொல்லிப்போட்டா. டீச்சர் எழுதினது சப்பாத்தின்ர அளவு, காலின்ர அளவில்லை. சுவரோட குதியை முட்டி நிக்கவிட்டுக் கீழ ஒரு தாளை வைச்சு, பெருவிரல் நுனியில கோடு கீறி அளந்து பாருங்கோ. விரலுக்கு முன்னால கொஞ்ச இடம் விட்டுத்தான் அளவு பாக்கவேணும். முடிஞ்சா மூண்டு நாலு பிள்ளையளிட்ட முன்பக்கத்தையும் அமத்திப் பாருங்கோ.

கனடாக்காரருக்கு இடையும் வேண்டாம், இடையமும் வேண்டாம். ஆகாரத்தைச் சொன்னீங்களெண்டா 4இல 19 சோடி வரும், 13 பேருக்குப் பொருந்தாது. எந்த அளவில எத்தினை பேர் எண்ட அட்டவணையை அப்பிடியே அனுப்புங்கோ. கையிருப்புக்கு மேலதிகமா ரெண்டு சோடி கேக்கிறதெண்டா அதுக்கு ஆகாரம் சரி.

சோக்குக்கட்டி

நேற்று அளந்தாச்சு. 4 எண்டு வந்த ஆறு பேரில ஒரு பெடியன், 6.2 ஆற்ற கால் எண்டு கேட்டவனேதான், சப்பாத்துக்குள்ள கொப்பி மட்டை மடிச்சு வச்சிருக்கிறான். அண்ணாற்ற சப்பாத்தாம். கால் 2. மற்றவைக்கு மாற்றமில்லை.

அவனை மாத்தினதும் 4இலயும் 5 பேர், 2இலயும் 5 பேர். இடையம் அசையேல்லை, 2தான். இடை 2.42இல இருந்து 2.32க்கு இறங்கினது. ஆகாரம் மட்டும் ஒரு பெடியனால ரெண்டாப் பிரிஞ்சிட்டு. "ரெண்டு ஆகாரம் இருக்கலாமோ டீச்சர்?" எண்டு பிள்ளையள் கேக்க, இருக்கலாம் எண்டு சொன்னன். பிறகு வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சு சண்டை. ஒரு பாதி, ஒரு ஆளுக்கே மாறுற ஆகாரத்தை நம்பேலாது எண்டுது. மற்றப் பாதி, கடைக்காரனுக்கு அதுதானே வேணும் எண்டுது.

அட்டவணை அனுப்பியாச்சு. ஆனா அந்தப் பெடியனை எதில எழுதுறதெண்டு தெரியாமல் 2 எண்டும் 4 எண்டும் ரெண்டு தரம் அழிச்சு எழுதினன். தாய் 4 வேணுமாம், அடுத்த வருசமும் போடலாமாம்.

ரெண்டு பெடியளின்ர அம்மா

3 எண்டு எழுதுங்கோ டீச்சர்.