மங்கும் விளக்கா, நந்தும் விளக்கா?

கலைவாணி, செவ்வாய் காலை

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கட்டட மின்னமைப்புப் பாடநூலில் ஓர் அத்தியாயம் என் பங்குக்கு வந்திருக்கிறது. வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது, டேலைட் ஃபேக்டர். வெளியே திறந்த வானத்தின் கீழ் இருக்கும் வெளிச்சத்தில் நூற்றில் எத்தனை பங்கு உள்ளே மேசைக்கு வந்து சேர்கிறது என்ற கணக்கு. 'பகலொளிக் காரணி' என்று எழுதி வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "எதற்குக் காரணம், மேடம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது, டிம்மபிள் லூமினேர். பகல் வெளிச்சம் ஏறும்போது தன் ஒளியைக் குறைத்துக்கொள்ளும் விளக்கு. 'மங்கல் விளக்கு' என்று கொடுத்தேன். அச்சுக்கோப்பவர் அதை 'மங்கல விளக்கு' என்று திருத்தி அனுப்பிவிட்டார். ஒரு பக்கம் முழுக்க மங்கல விளக்கு.

எடுத்துக்காட்டாக வைத்திருப்பது ஒரு பள்ளி மண்டபம். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், வடக்குச் சுவரில் மட்டும் சன்னல். தேர்வும் அங்கேதான் நடக்கும். மேசையில் 300 லக்ஸ் வெளிச்சம் வேண்டும்.

சிவயோகன், யாழ்ப்பாணம், செவ்வாய் பகல்

தங்கச்சி, இதில் என்ன சிக்கல்? சன்னலால் உள்ளே வருவது வெயில். ஆகவே 'வெயில் வீதம்'. எங்கள் பத்திரிகைகள் '5 வீதம்' என்றுதான் எழுதும். நூற்றுக்கு ஐந்து என்று பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

ஜெயராமன், செவ்வாய் மாலை

சிவயோகன் அண்ணா, 'வீதம்' வரைக்கும் சரி. 'வெயில்' கூடவே கூடாது. இந்தக் கணக்கில் நேர் வெயிலுக்கு இடமே இல்லை. வானம் தரும் வெளிச்சம் மட்டும்தான். மேசை மேல் ஒரு கீற்று வெயில் விழுந்தால் அந்த இடத்தில் பல்லாயிரம் லக்ஸ் காட்டும். பத்து நிமிடத்தில் கீற்று நகர்ந்துவிடும். அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? அதனால்தான் வானம் முழுக்க மூடிய நாளில் அளக்கிறோம். இரண்டு ஒளிமானி வேண்டும். ஒருவர் மொட்டை மாடியில், ஒருவர் மண்டபத்தில், கைப்பேசியில் பேசிக்கொண்டே ஒரே நொடியில் படிக்க வேண்டும். மாடியில் அளந்துவிட்டு இறங்கிவந்து உள்ளே அளந்தால் அதற்குள் மேகம் மாறியிருக்கும்.

கலைவாணி, அளவுகள் இருந்தால் போடுங்கள். எண்ணைப் பார்த்தால் சொல் தானே வரும்.

கலைவாணி, செவ்வாய் இரவு

கார்த்திகை அடைமழையில் அளந்தவை. வெளியே 11,000 லக்ஸ். உள்ளே சன்னலிலிருந்து ஒரு மீட்டரில் 620, நடுவில் 165, கடைசிச் சுவரோரம் 66. அதாவது 5.6, 1.5, 0.6 விழுக்காடு. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2440 வெளிவெளிச்சத்தை 8,000 லக்ஸ் என்று வைத்துக்கொள்ளச் சொல்வதால் ஒரு விழுக்காட்டுக்கு 80 லக்ஸ். நடு வரிசைக்கு 120, கடைசி வரிசைக்கு 48. ஆக, நடு வரிசை விளக்கு 180 லக்ஸ் தந்தால் போதும், கடைசி வரிசை 252 தர வேண்டும், சன்னலோர வரிசை சும்மா இருக்கலாம்.

ஜெயராமன், செவ்வாய் இரவு

கணக்கு நன்று. அதில் ஒரு சிறு திருட்டும் இருக்கிறது. நீங்கள் அளந்தது மேகம் மூடிய வானத்தில். அந்த வானத்தின் உச்சி, அடிவானத்தைப் போல மூன்று மடங்கு பிரகாசம். ஐ.எஸ். 2440 சொல்லும் 8,000 லக்ஸோ தெளிந்த வானத்துக்கு, சூரியன் 15 பாகை உயரத்தில் இருக்கையில். தெளிந்த நீல வானத்தில், சூரியனுக்கு விலகிய பக்கத்தில், உச்சியைவிட அடிவானம்தான் பளிச்சென்று இருக்கும். பக்கச் சன்னல் பார்ப்பது அடிவானத்தை. இரண்டு வானத்தையும் ஒன்றோடொன்று பெருக்கியிருக்கிறீர்கள். எதிரே கட்டடம் இல்லாத மண்டபமானால் உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும், தோராயத்துக்குப் பாதகமில்லை. ஆனால் அடிக்குறிப்பாவது போடுங்கள்.

புலவர் முத்தையா, புதன் விடியற்காலை

காரணி என்பது பிழை. செய்வது காரணி, செய்யப்பட்டதன் அளவு எப்படிக் காரணியாகும்? மாணவன் கேட்டதே கேள்வி. 'பகலொளிக் கூறு' என்க. மொத்தத்தில் ஒரு கூறு, தெளிவு.

விளக்குக்கு வருவோம். கோயில் கல்வெட்டுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: நந்தா விளக்கு, நுந்தா விளக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடு, சாவா மூவாப் பேராடு, நாள்தோறும் உழக்கு நெய். நந்துதல் என்றால் குறைதல், கெடுதல். குறையாத விளக்கு நந்தா விளக்கு எனில், குறையும் விளக்கு 'நந்து விளக்கு' ஆகாதா? ஆயிரம் ஆண்டுகளாகச் சொல் நம்மிடம் இருக்கிறது. எதிர்மறையை எடுத்துவிட்டால் போதும்.

சிவயோகன், புதன் காலை

ஐயா, நந்துதலுக்குப் பெருகுதல் என்றும் பொருள் உண்டே. 235ஆம் குறளில் 'நத்தம்' என்பதற்கு ஆக்கம் என்றுதானே பரிமேலழகர் உரை சொல்கிறது? அந்தச் சொல்லை 'நந்து' என்பதிலிருந்தே வருவிக்கிறார்.

புலவர் முத்தையா, புதன் காலை

அதனால்தான் இன்னும் பொருத்தம்! இந்த விளக்கு குறையவும் செய்கிறது, மேகம் வந்தால் பெருகவும் செய்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க வேறெந்த மொழிக்கு வாய்க்கும்?

அந்தோணி, புதன் பகல்

ஐயா, நந்து என்றால் எங்கள் ஊரில் நத்தை. கடையில் போய் நத்தை விளக்கு கேட்க என்னால் முடியாது.

விளக்கைக் குறைப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு? மின்விசிறி ரெகுலேட்டரே போதும் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் எல்.இ.டி. விளக்குகளை அதில் போட்டேன். பாதிக்குக் கீழே திருப்பினால் எல்லாம் சேர்ந்து நடுங்கின. மாப்பிள்ளை வீட்டார் கரகாட்டத்துக்கு ஏற்பாடா என்று கேட்டார்கள். இதற்கு என்ன வழி?

ஜெயராமன், புதன் பகல்

அந்தோணி, கேட்டது வேறு கேள்வி என்றாலும் இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தீர்கள். எல்.இ.டி.யில் ஒளியைக் குறைப்பது விளக்குக்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று. ரெகுலேட்டர் வரும் மின்னலையை வெட்டுகிறது. அதைப் புரிந்துகொள்ளாத டிரைவர் தடுமாறுகிறது. மின்சாரம் முழுதாகப் போக வேண்டும், 'இவ்வளவு போதும்' என்ற கட்டளை தனிக் கம்பியில் போக வேண்டும். 0 முதல் 10 வோல்ட் வரை ஒரு சோடிக் கம்பி, அல்லது டாலி என்ற எண்முறைக் கட்டளை இணைப்பு.

புலவர் ஐயா, 'கூறு' எங்களுக்கு ஏற்கெனவே செலவாகிவிட்டது. மேசைக்கு வெளிச்சம் மூன்று வழியில் வருகிறது: வானத்திலிருந்து நேராக, எதிர்க் கட்டடத்தில் பட்டு, உள்சுவரிலும் கூரையிலும் பட்டு. அந்த மூன்றைத்தான் கூறு என்கிறோம். கடைசி வரிசையின் 0.6இல் பெரும்பங்கு மூன்றாவது வழி. கலைவாணி, அந்தச் சுவர் என்ன நிறம்?

கலைவாணி, புதன் மாலை

இடுப்பு உயரம் வரை கரும்பச்சை எண்ணெய்ச் சாயம். அழுக்குத் தெரியாதாம்.

ஜெயராமன், புதன் மாலை

விளக்கு வாங்கும் முன் அதை வெள்ளையடிக்கச் சொல்லுங்கள்.

அந்தோணி, புதன் இரவு

அண்ணா, இன்னொன்று. போன வருடம் ஒரு பள்ளியில் உணரியோடு விளக்கைச் சேர்த்துக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். மேடையிலிருந்து பார்த்து அணைக்க வசதி என்று விளக்கு வரிசைகளைச் சன்னலிலிருந்து எதிர்ச்சுவர் நோக்கி இழுத்திருந்தார்கள். ஒவ்வொரு வரிசையிலும் சன்னலோரம் ஒரு விளக்கு, சுவரோரம் ஒரு விளக்கு. உணரி சன்னல் பக்கம். காலை பத்து மணிக்கு அது திருப்தியாகி எல்லாவற்றையும் குறைத்தது. சுவரோரப் பிள்ளைகள் இருட்டில் எழுதினார்கள். கம்பியைப் பிரித்துச் சன்னலுக்கு இணையாக மூன்று வரிசையாக்கினேன். அதன் பிறகும் நடு வரிசை தாறுமாறாக இருந்தது. ஏணியில் ஏறி ஒவ்வோர் உணரியையும் உள்ளங்கையால் மூடிப் பார்த்தேன். நடு உணரியை மூடினால் கடைசி வரிசை ஏறியது. சோடி மாறியிருந்தது.

சரிசெய்து பத்து நாள். பரிசளிப்பு விழா. மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்தார்கள். விளக்கு எல்லாம் தாழ்ந்துவிட்டது. தலைமையாசிரியர் என்னைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். நான் எதையும் தொடவே இல்லை.

ஜெயராமன், வியாழன் காலை

உங்கள் உணரி கூரையிலிருந்து மேசையைப் பார்க்கிறது. கறுப்பு மேசைக்குப் பழகிய கண்ணுக்கு வெள்ளைத் துணி பேரொளி. அது பகலொளியையும் பார்க்கிறது, தன் விளக்கின் ஒளியையும் பார்க்கிறது. அதைப் பகலொளி உணரி என்றால் பாதிப் பொய். இதை இரவில் ஒரு முறை, மேசையில் 300 வரும்படி வைத்துப் பழக்க வேண்டும். பகலில் மறுபடி சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் பக்கவாட்டில் வரும் சன்னல் வெளிச்சம் கூரைக்குத் தெரிவதும் மேசைக்குத் தெரிவதும் ஒரே அளவில் இல்லை.

வேறொரு வகை, சன்னல் வழியே வெளியை மட்டும் பார்க்கும். விளக்கு எரிகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. துணி விரித்தாலும் கவலையில்லை. ஆனால் திரையை யாராவது இழுத்து மூடினால் மண்டபம் இருண்டு கிடக்க, வெளியே நல்ல வெளிச்சம் என்று விளக்கைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

சிவயோகன், வியாழன் காலை

முதலாவது மேசை பார்த்த உணரி. இரண்டாவது, வானம் பார்த்த பூமி மாதிரி, வானம் பார்த்த உணரி.

கலைவாணி, வியாழன் காலை

அண்ணா, யாரும் கேட்காத சொல்தான் இந்த இழையில் முதலில் முடிந்திருக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை? நாளை வெள்ளி.

அந்தோணி, வியாழன் பகல்

எங்கள் ஆத்தா அரிக்கன் விளக்கின் திரியை இறக்கும்போது "விளக்கைத் தணி" என்பார். தணி விளக்கு என்று சொல்லலாமே.

புலவர் முத்தையா, வியாழன் மாலை

தணிவது சினமும் வேட்கையும் வெம்மையும். ஒளி தணியும் என்பதற்கு ஆத்தா போதிய சான்றா?

ஜெயராமன், வியாழன் மாலை

எனக்குப் போதும். ஒரே குறை, திரும்ப ஏறுவதை அது சொல்லவில்லை. 'ஒளிமாற்று விளக்கு' என்றாலோ நிறம் மாறும் விளக்கு என்று நினைப்பார்கள். தணியே இருக்கட்டும்.

டேலைட் ஃபேக்டருக்குப் 'பகலொளி விழுக்காடு' என்று மட்டும் போடாதீர்கள். ஆண்டின் பள்ளி நேரத்தில் எத்தனை விழுக்காடு மணிகள் பகலொளியே போதுமானதாக இருந்தது என்று வேறு ஒரு கணக்கு வந்திருக்கிறது, இரண்டும் குழம்பும்.

கலைவாணி, வெள்ளி நண்பகல்

'தணி விளக்கு'க்கு நான்கு பேர், 'நந்து விளக்கு'க்குப் புலவர் ஐயா ஒருவர். 'பகலொளி விகிதம்' என்று அத்தியாயம் முழுக்கப் போட்டுவிட்டேன். பழைய வினாத்தாள்களில் 'காரணி' இருப்பதால் சொல்லடைவில் அதையும் விட்டுவைத்தேன். அண்ணாவின் 'வீதம்' இங்கே மாதவீதம், நாள்வீதம் என்று வேறு பக்கம் இழுக்கிறது; மன்னிக்கவும்.

புலவர் முத்தையா, வெள்ளி பிற்பகல்

என் மறுப்பைப் பதிவு செய்க. காரணியைச் சொல்லடைவில் விட்டுவைத்தது அதைவிடப் பெரிய பிழை. நுந்துதல், உந்துதல், தூண்டுதல் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

கலைவாணி, சனி காலை

மெய்ப்பு வந்துவிட்டது. அச்சுக்கோப்பவர் எல்லா இடத்திலும் 'தனி விளக்கு' என்று திருத்தியிருக்கிறார்.