கம்பெனி கை மாறியதும் வாழ்நாள் சந்தா செல்லாதாம்!

கடலூரான்: 2020-இல் ஒரு விபிஎன் சேவைக்கு ஒரே தடவையாக 30 டாலர் கட்டி வாழ்நாள் சந்தா வாங்கினேன். இப்போது கம்பெனி கை மாறிவிட்டது. ‘பழைய திட்டம் முடிந்தது, வருடச் சந்தாவில் தள்ளுபடி தருகிறோம்’ என்று மெயில் வந்திருக்கிறது. கணக்கை ரத்து செய்துவிடவா, பணத்தைத் திருப்பிக் கேட்கவா?

வேப்பமரத்தடி: கேளுங்கள், விடாதீர்கள். குடித்தனக்காரர் இருக்கும் வீட்டை வாங்கினால் அவரோடு போட்ட ஒப்பந்தமும் சேர்ந்துதான் வரும். கம்பெனியை வாங்கியவர் அது கொடுத்த வாக்கையும் வாங்கியவர்தான்.

கணக்கர்: பங்குகளை வாங்கியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. கம்பெனி அதேதான், கடமையும் அதேதான். சொத்துகளை மட்டும் வாங்கியிருந்தால் கதை வேறு. விபிஎன் செக்யூர் என்ற சேவை கை மாறியபோது நடந்தது அதுதான். 2023-இல் வாங்கியவர்கள் தொழில்நுட்பம், இணைய முகவரி, வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம், கடன்களையும் பொறுப்புகளையும் எடுக்கவில்லை என்றார்கள். வாழ்நாள் சந்தா விற்கப்பட்டதே பிறகுதான் தெரிந்தது என்று சொல்லி, 2025-இல் அவற்றை நிறுத்தினார்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்குக் கடன்பட்டது பழைய கம்பெனி. அதன் கல்லாவில் என்ன மிச்சம் இருக்கும்?

வேப்பமரத்தடி: பட்டியலை எடுத்துக்கொண்டு, இரண்டு வருடம் சேவையும் கொடுத்துவிட்டு, ‘எங்களுக்குத் தெரியாது’ என்றால் எந்த நியாயம்?

கணக்கர்: எனக்கும் அது உறுத்துகிறது. அதை வைத்து வழக்காடலாம். ஆனால் 30 டாலருக்காக வெளிநாட்டில் வழக்குப் போட யாரால் முடியும்? கார்டு வழியாகத் திரும்பப் பெறுவதும் கஷ்டம். சேவை தராத புகாருக்கு விசா வைத்திருக்கும் உச்ச வரம்பு, பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாள். 2020-இல் கட்டியது அதைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது.

மல்லிகா: எனக்கும் இதே தொல்லை. ஒரு குறிப்பேட்டுச் செயலி என் கார்டிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்கிறது, செயலியை அழித்தும் நிற்கவில்லை.

கணக்கர்: அக்கா, உங்களுடையது தானாகப் புதுப்பிக்கும் சந்தா. செயலியை அழித்தால் அது நிற்காது. நம் நாட்டு கார்டு என்றால், பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்தோ வங்கிச் செயலியிலிருந்தோ அனுமதியை நிறுத்திவிடுங்கள்.

கடலூரான், வாழ்நாள் சந்தாவில் புதுப்பிக்க எதுவும் இல்லை, அதனால் ரத்து செய்ய அவசரமே கிடையாது. அந்தத் தள்ளுபடியை ஏற்றுக்கொண்டால்தான் அக்காவின் நிலைமை உங்களுக்கும் வரும். முதலில் 2020 ரசீது, வாங்கிய பக்கத்தின் படம், அன்றைய விதிமுறை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அந்த விதிமுறையில் ‘வாழ்நாள்’ என்பது சேவை இருக்கும் வரை என்று எழுதியிருந்தால், சேவை மூடினால் உங்களுக்கு வாதம் இல்லை. சேவை ஓடிக்கொண்டே உங்கள் திட்டத்தை மட்டும் வெட்டினால் வாதம் உண்டு. கணக்கை அழிப்பது கடைசியில் இருக்கட்டும்.

கடலூரான்: ரசீது கிடைத்தது. ஒரு தள்ளுபடித் தளத்தில் வாங்கியிருக்கிறேன், கம்பெனியிடம் நேரடியாக இல்லை.

வேப்பமரத்தடி: அப்போ விற்ற தளத்துக்கும் எழுதுங்கள். பணம் வாங்கியவர் அவர்கள்தானே!

கணக்கர்: எழுதலாம். பொறுப்பு அவர்கள் தலையிலும் விழுமா என்பது அவர்களுடைய விதிமுறையைப் பார்த்தால்தான் தெரியும். அதை இங்கே போடுங்கள்.