ஸ்கோர் ஷீட் சொல்லுது, 25 சதவீதம்: குன்னூர் சென்டரைப் பத்தி இனி பேசாதீங்க

கோத்தகிரி காளை: ஞாயித்துக்கிழமை பாஸ்கெட்பால் மேட்ச் ஷீட்டை வெச்சு கணக்குப் போட்டேன். ரெண்டு அணியும் சேர்ந்து 80 ரீபவுண்ட். குன்னூர் சென்டர் 32 நிமிஷத்துல 10. எங்க பெஞ்ச் பையன் 10 நிமிஷத்துல 5. ஆள் உள்ளே இருந்தப்போ விழுந்த ரீபவுண்ட்ல எத்தனை சதவீதம் எடுத்தான்னு ஃபார்முலா போட்டுப் பார்த்தா உங்காளு 15.6, எங்க பையன் 25. யார் பெரியவன்?

ஸ்கோர்டேபிள்: 80 ரீபவுண்டும் 40 நிமிஷத்துக்கும் சமமா விழுந்துச்சுன்னு வெச்சுக்கிட்டு, 10 நிமிஷத்துக்கு 20னு அந்த ஃபார்முலா எடுத்துக்குது. உங்க பையன் ஆடினது கடைசி குவார்ட்டர். பனி இறங்கி ரெண்டு பக்கமும் ஷாட் உள்ளே போகலை. டேபிள்ல உட்கார்ந்து எழுதினவன் நான். அந்த ஒரு குவார்ட்டர்ல மட்டும் 32 ரீபவுண்ட். 32ல 5 எடுத்தா அவனுக்கும் 15.6தான்.

கோத்தகிரி காளை: தோத்தா பனி, ஜெயிச்சா திறமையா? ஃபார்முலாவுல பனிக்கு இடமில்லை. 25னா 25.

ஸ்கோர்டேபிள்: இன்னொரு பக்கமும் பாருங்க. சென்டர் வெளியே உட்கார்ந்த 8 நிமிஷமும் அதே குவார்ட்டர்ல. அந்த நேரத்துல 26 விழுந்துச்சு. அவர் உள்ளே இருந்தப்போ விழுந்தது 54தான், ஃபார்முலா 64னு எடுத்துக்கிச்சு. 54ல 10னா 18.5.

கோத்தகிரி காளை: போன வருஷம் எங்க ஒரு பாயிண்ட்டை விட்டுட்டு எழுதினவரு கணக்கை நாங்க நம்பணுமாக்கும்.

ஸ்கோர்டேபிள்: அது ரெஃப்ரீ கைகாட்டாத கூடை. அதை இங்கே இழுக்காதீங்க.

கோத்தகிரி காளை: சரி, யூசேஜுக்கு வாங்க. எங்க பையனுக்கு 35! அவன் இருந்தப்போ டீமைச் சுமந்தவன் அவன்தான்.

பழைய சென்டர்: 6 ஷாட், ஒரு டர்னோவர். உள்ளே போனது ஒண்ணு. இதுக்குப் பேரு சுமக்கிறதா? டென்னிஸ் ரோட்மேன் ஷாட்டே அதிகம் போடமாட்டார். 1992ல இருந்து 1998 வரை ஏழு சீசனும் என்பிஏ ரீபவுண்ட்ல அவர்தான் முதல். எங்க காலத்துல ரீபவுண்ட் எடுக்கிறவனை யூசேஜ் பார்த்து எடை போடமாட்டோம்.

லவ்டேல் அப்பா: என் பையன் பாயிண்ட் கார்ட். ஒவ்வொரு தடவையும் பந்தை மேலே கொண்டு வர்றதே அவன்தான். அவனுக்கு யூசேஜ் 9னு சொல்லி உட்கார வெச்சுட்டாங்க. இது என்ன நியாயம்?

ஸ்கோர்டேபிள்: சார், பாஸ் அதுல சேராது. ஷாட், ஃப்ரீ த்ரோ, டர்னோவர், இந்த மூணுல யார் கையில ஆட்டம் முடிஞ்சதுங்கிறதுதான் கணக்கு. அஞ்சு பேரும் சமமா முடிச்சா ஆளுக்கு 20. பாஸ் குடுத்து ஆட வைக்கிறவனுக்கு 9 வரலாம்.

லவ்டேல் அப்பா: அப்போ அதைக் காட்டி ஏன் உட்கார வெச்சாங்கன்னுதான் கேக்குறேன்.

பழைய சென்டர்: அதைக் கோச்சைக் கேளுங்க சார்.

ஸ்கோர்டேபிள்: காளை, ஒரு குவார்ட்டரை வெச்சு முடிவு கட்டாதீங்க. உங்க கோச் அவனுக்கு 32 நிமிஷம் குடுக்கட்டும். அவன் உள்ளே இருக்கிறப்போ விழுற ஒவ்வொரு ரீபவுண்டையும் தனியா எழுதித் தர்றேன்.

கோத்தகிரி காளை: 32 நிமிஷம் குடுக்கச் சொல்றோம். ஆனா டேபிள்ல நீங்க உட்காரக் கூடாது. அதுவரை 25னா 25.

ஸ்கோர்டேபிள்: 32ல 5. எத்தனை தடவை வேணும்னாலும் வகுத்துப் பாருங்க.