கிட்டார் கார்டு பெட்டிப் படம்: சி மேஜரில் விரலை எங்கே வைப்பது?

புதுவிரல்: சி மேஜர் படத்தைப் பார்த்து அப்படியேதான் வைக்கிறேன், ஆனா கேட்கச் சகிக்கலை. இடது ஓரக் கோடு மெல்லிசு தந்திதானே? புள்ளிக்குள்ள இருக்கிற 3, 2, 1 ஃப்ரெட் எண்ணா?

ராகமாலி: ரெண்டுமே இல்லைங்க. கிட்டாரை நெட்டுக்குத்தலா நிறுத்தி, தந்திப் பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி பிடிச்சுப் பாருங்க. அதுதான் படம். இடது ஓரம் தடிச்ச 6-ஆம் தந்தி, வலது ஓரம் 1-ஆம் தந்தி, மேலே இருக்கிற தடிச்ச கோடு நட். நீங்க கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கீங்க. அதனாலதான் ஏ-யும் பி ஃப்ளாட்டும் ஒரே நேரத்துல மோதுது.

சி-க்கு மோதிர விரல் 5-ஆம் தந்தியில 3-ஆம் ஃப்ரெட், நடுவிரல் 4-ஆம் தந்தியில 2-ஆம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் 2-ஆம் தந்தியில 1-ஆம் ஃப்ரெட். 3-ஆம், 1-ஆம் தந்திகளுக்கு மேல ‘O’ இருக்கும், சும்மா விட்டு மீட்டணும். 6-ஆம் தந்திக்கு மேல ‘X’, அதை மீட்டக் கூடாது.

நட்டுநடுவே: புள்ளி கட்டத்துக்கு நடுவுல இருக்கே, விரலையும் ஃப்ரெட்டுக்கு நடுவுல வெச்சு நல்லா அழுத்துங்க, போதும்.

ராகமாலி: எந்தக் கட்டம்னு காட்டத்தான் புள்ளி. நடுவுல வெச்சா கூடுதலா அழுத்தணும், அப்பவும் இரையலாம். நட்டை விட்டு விலகின பக்கத்து ஃப்ரெட் கம்பியை ஒட்டி, ஆனா அதன் மேல ஏறாம வைங்க. சி-யில நடுவிரல்தான் பெரும்பாலும் பின்தங்கி நிற்கும்.

தாளக்கட்டு: எண் விஷயத்துல சி ஒரு மோசமான ஆசான். 3-ஆம் விரல் 3-ஆம் ஃப்ரெட்டுல, 2 இரண்டுல, 1 ஒன்றுல. விரல் எண்ணை ஃப்ரெட்னு தப்பாப் படிச்சாலும் சரியாவே வந்துடும். டி மேஜரைப் பாருங்க: 3-ஆம் தந்தியில இருக்கிற ‘1’ ஆள்காட்டி விரல், ஆனா புள்ளி 2-ஆம் ஃப்ரெட் கட்டத்துல. விரலை எண் சொல்லும், ஃப்ரெட்டைக் கட்டம் சொல்லும்.

இடக்கை: நான் இடக்கைக்காரன், தந்தியையும் மாத்திக் கட்டியிருக்கேன். எனக்கு எந்தப் படமுமே ஒத்துவரலை.

தாளக்கட்டு: உங்களுக்கு மட்டும் படத்தை இடவலமா திருப்பணும். விரல் எண் மாறாது.

புதுவிரல்: திருப்பி வெச்சதும் சரியாச்சு. ஆனா 1-ஆம் தந்தி மட்டும் ‘டப்’னு செத்துப் போகுது.

ராகமாலி: ஆள்காட்டி விரல் சாய்ஞ்சு அதைத் தொடுது. கடைசிக் கணுவை மடக்கி நுனியால நில்லுங்க. நகத்தை ஒட்ட வெட்டணும். அப்புறம் ஒவ்வொரு தந்தியா 5-லேர்ந்து 1 வரைக்கும் மீட்டிப் பாருங்க. எது சாகுதுன்னு அதுவே காட்டிக்கொடுக்கும்.

நட்டுநடுவே: அந்த ‘X’ தந்தியை மோதிர விரல் நுனியால லேசா தொட்டு அடக்கிடலாமே, பிக் அதுல படாமத் தவிர்க்கிற தொல்லை இல்லை.

தாளக்கட்டு: ஆரம்பத்துலயே அப்படிப் பண்ணினா 5-ஆம் தந்தியில பிடி நழுவும். மீட்டுற கை 6-ஆம் தந்தியில இறங்காமப் பழகுறதே மேல்.

ராகமாலி: நான் இதுல நட்டுநடுவே பக்கம்.